கூட்டு ஜாதகத்தில் சந்திரன், சனி சேர்க்கை: எங்கள் உறவே வறண்டதா?

வாசகி கேள்வி: "நான் 1994 மார்ச், மேஷ ராசி, கார்த்திகை முதல் பாதம். கணவர் 1992 அக்டோபர், துலாம் ராசி, விசாகம் மூன்றாம் பாதம். பத்துப் பொருத்தம் பார்த்து, சமசப்தம ராசி என்று எல்லோரும் சந்தோஷப்பட்டு 2021இல் கல்யாணம் நடந்தது. 2022இல் மாமனார் படுக்கையில் விழுந்ததிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதே மருந்து, செலவு, ஷிப்ட் பற்றித்தான். போன மாதம் ஓர் இணையதளத்தில் எங்கள் இருவருக்கும் 'காம்போசிட் சார்ட்' போட்டுப் பார்த்தேன். சந்திரனும் சனியும் கும்பத்தில், 12ஆம் வீட்டில் சேர்ந்திருக்கிறார்களாம். 'உணர்ச்சி வறண்ட உறவு, தனிமை' என்று வந்தது. எங்கள் இருவர் ஜாதகத்திலும் சந்திரன் சனியோடு இல்லையே? உறவுக்கே தோஷமா? பரிகாரம் உண்டா? என் பிறந்த நேரம் காலை 6 என்று அம்மா சொல்கிறார், 6.30 ஆகவும் இருக்கலாமாம்."

அன்புள்ள சகோதரி,

உங்கள் இருவர் ஜாதகத்திலும் இல்லாத ஒரு சேர்க்கை இந்தச் சக்கரத்தில் வந்ததில் பிழை ஒன்றும் இல்லை. காம்போசிட் சார்ட் என்கிற கூட்டு ஜாதகம் போடப்படும் விதமே அப்படி. நம் பொருத்தம் உங்கள் நட்சத்திரத்தையும் அவர் நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. மேல்நாட்டு ஜோதிடர்களும் அப்படி ஒப்பிடுவார்கள். ஆனால் கூட்டு ஜாதகம் இரண்டு ஜாதகங்களையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. அது உங்களைப் பற்றியும் பேசாது, அவரைப் பற்றியும் பேசாது. இருவரும் சேர்ந்தால் உண்டாகும் உறவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு, அதைச் சொல்லும் என்பதுதான் அதைப் பயன்படுத்துபவர்களின் நம்பிக்கை. அமெரிக்க ஜோதிடர் ஜான் டவுன்லி 1973இல் இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1975இல் ராபர்ட் ஹேண்ட் ஒவ்வொரு கிரகத்துக்கும் பலன் எழுதிய பிறகு பரவலானது. நம் பழைய நூல்களில் இது கிடையாது. அதனால் இதற்கென்று தோஷம், பரிகாரம் என்று எதுவும் நம் மரபில் சொல்லப்படவில்லை. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கணக்கு எளிது. உங்கள் சூரியன் நிற்கும் பாகைக்கும் அவர் சூரியன் நிற்கும் பாகைக்கும் சரியாக நடுவில் கூட்டு ஜாதகத்தின் சூரியன். சந்திரனுக்குச் சந்திரன், சனிக்குச் சனி, இப்படியே எல்லாவற்றுக்கும். ராசிச் சக்கரம் வட்டம் என்பதால் இரண்டு புள்ளிகளுக்கு இரண்டு நடுப்புள்ளிகள் வரும், ஒன்றுக்கொன்று நேர் எதிரே. அதில் எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கத்து நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த ஒரு விதியில்தான் உங்கள் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

முதலில் சனி. நீங்கள் பிறந்தபோது சனி கும்பம் 12 பாகை வாக்கில், அவர் பிறந்தபோது மகரம் 18 வாக்கில். நடுப்புள்ளி கும்பத்தின் தொடக்கம். இது நம் நிராயன முறைக் கணக்கு. இணையதளம் மேல்நாட்டுச் சாயன முறையில் கணக்குப் போட்டதால், இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சம் சுமார் 24 பாகை கூடி, கும்பம் 24 என்று காட்டியிருக்கும். ராசியின் பெயர் மாறலாம். இருவருக்கும் ஒரே முறையில் கணக்குப் போடும்வரை கிரகங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. (ஒருவர் ஜாதகத்தை நிராயனத்திலும் இன்னொருவர் ஜாதகத்தைச் சாயனத்திலும் எடுத்து நடுப்புள்ளி போட்டால் எல்லாமே 12 பாகை நகர்ந்துவிடும். கையால் போடுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. தளம் பிறந்த தேதியிலிருந்தே போடுவதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.) சனி மெதுவாக நகரும் கிரகம். 1992 கடைசியில் பிறந்த ஒருவரும் 1994 தொடக்கத்தில் பிறந்த ஒருவரும் எங்கே சேர்ந்தாலும் அவர்கள் கூட்டு ஜாதகத்தில் சனி ஏறக்குறைய இதே இடத்தில்தான் வருவார். ஆக, சனியின் இடம் உங்கள் உறவுக்கென்று தனியாக எதையும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் உரியது சந்திரனின் இடம்.

இப்போது சந்திரன். உங்களுடையது மேஷம் 28 பாகை 0 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). காலை 6 மணி என்று வைத்துப் போட்டது இது. அவருடையது துலாம் 28 பாகை 10 கலை. மேஷ முதலிலிருந்து எண்ணினால் உங்களுடையது 28, அவருடையது 208 பாகை 10 கலை. ஒரு பக்கமாகப் போனால் இடைவெளி 180 பாகை 10 கலை, மறுபக்கம் 179 பாகை 50 கலை. மறுபக்கம் குறைவு என்பதால் நடுப்புள்ளி அங்கே விழுகிறது, அதாவது மகரம் 28 பாகை 5 கலையில். கும்பத் தொடக்கத்தில் இருக்கும் சனிக்கும் அதற்கும் இரண்டு பாகைதான் வித்தியாசம். அயனாம்சத்தைக் கூட்டினால் இரண்டும் கும்பத்திலேயே வரும். தளம் சொன்ன சேர்க்கை இதுதான்.

சரி, அம்மா சொல்லும் இன்னொரு நேரமான 6.30ஐ எடுத்துக்கொள்வோம். அரை மணியில் சந்திரன் சுமார் 15 கலை நகரும். உங்கள் சந்திரன் 28 பாகை 15 கலை ஆகிறது. இப்போது முன்பு கூடுதலாக இருந்த பக்கம் 179 பாகை 55 கலையாகக் குறைந்துவிட்டது. நடுப்புள்ளி அந்தப் பக்கம் தாவி, கடகம் 28 பாகை 12 கலையில் போய் நிற்கிறது. அரை மணி நேரத்தில் கூட்டுச் சந்திரன் ஆறு ராசி தள்ளிப் போய்விட்டது. 12ஆம் வீட்டுச் சந்திரன் 6ஆம் வீட்டுச் சந்திரன் ஆகிவிட்டது, சேர்க்கை சமசப்தமப் பார்வை ஆகிவிட்டது. உங்கள் இருவரின் மனமும் இதனால் ஒரு துளிகூட மாறவில்லை.

சமசப்தம ராசி என்று சந்தோஷப்பட்டார்களே, அந்த அமைப்பில்தான் இந்தக் கணக்கு தடுமாறும். இரண்டு கிரகங்கள் நேர் எதிரே, 180ஐ ஒட்டி நிற்கும்போது எந்த நடுப்புள்ளி என்பதைச் சில கலைகள் தீர்மானிக்கின்றன. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சந்திரனில் வரும் வித்தியாசமே 10 கலையைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். இதை மென்பொருள் உங்களிடம் சொல்லாது. ஒரு புள்ளியைப் போட்டு, அதற்குரிய பத்தியை எடுத்துக் கொடுத்துவிடும். ஆகவே யார் கூட்டு ஜாதகம் போட்டாலும், பலனைப் படிக்கும் முன் இருவரின் மூல ஜாதகத்தையும் எடுத்து, எந்தக் கிரகம் 180 பாகைக்கு ஐந்தாறு பாகைக்குள் எதிரெதிராக நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கிரகத்தின் வீட்டுப் பலனை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

நடுப்புள்ளியை ஆராய்ந்த ஜெர்மானிய ஜோதிடர்கள், ஆல்ஃபிரட் விட்டேயும் அவருக்குப் பின் ரைன்ஹோல்ட் எபர்ட்டினும், இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். நடுப்புள்ளி என்பது ஒரு முனை அல்ல, இரண்டு முனைகளும் சேர்ந்த ஓர் அச்சு என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், உங்கள் கூட்டுச் சந்திரன் மகரத்தில் விழுந்தாலும் கடகத்தில் விழுந்தாலும் சனியின் அச்சைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எனவே "12ஆம் வீடு, தனிமை" என்ற வரியை அழித்துவிடுங்கள். அதற்கு அடிப்படையே இல்லை. சந்திரன், சனி தொடர்பு என்ற ஒன்று மட்டும் மிஞ்சுகிறது.

அதற்கு என்ன சொல்கிறார்கள்? கூட்டு ஜாதகத்தில் சந்திரன் என்பது அந்த உறவுக்குள் இருவரும் எவ்வளவு இயல்பாக, யோசிக்காமல் இருக்க முடிகிறது என்பதைக் காட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுகிற நேரத்து மனநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி கடமை, எல்லை, காலம். இரண்டும் தொடும்போது அன்பு வாயால் வராமல் வேலையாக வரும் என்பது மரபான பலன். மாத்திரை எடுத்து வைப்பது, பில் கட்டுவது, மற்றவர் தூங்கட்டும் என்று இரவில் தான் எழுந்து பார்ப்பது, இப்படி. உறவு எளிதில் கலையாது என்றும் சொல்வார்கள், கொஞ்சல் குறையும் என்றும் சொல்வார்கள். தளம் இரண்டாவது பாதியை மட்டும் கொடுத்திருக்கிறது. "வறண்ட உறவு" என்பது பலனில் பாதிதான்.

இதை ஏற்றுக்கொண்டாலும், உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் வாழ்க்கைக்கு ஜாதகம் இல்லாமலே காரணம் தெரிகிறது. படுக்கையில் ஒரு பெரியவர், ஷிப்ட் வேலை, கணக்குப் பார்த்துச் செலவு. இந்த வீட்டில் எந்தத் தம்பதி இருந்தாலும் பேச்சு மருந்தைச் சுற்றித்தான் போகும். அதைச் சக்கரத்தில் எழுதப்பட்ட குணம் என்று நினைத்துவிட்டால், மாற்றக்கூடிய ஒன்றை மாற்ற முடியாதது என்று விட்டுவிடுவீர்கள். எனக்கு அதுதான் கவலை.

கூட்டு ஜாதகத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வருவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலகமே அறிந்த ஒரு திருமணத்தைக் காட்டுகிறேன். இன்றைய பிரிட்டன் மன்னர் சார்லஸ் 1948 நவம்பர் 14 இரவு லண்டனில் பிறந்தவர். டயானா 1961 ஜூலை 1 அன்று. அவருக்கு மாலை 7.45 என்ற நேரத்தைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மேல்நாட்டு முறைப்படி சாயனத்திலேயே சொல்கிறேன். சார்லஸின் சூரியன் விருச்சிகம் 22, டயானாவின் சூரியன் கடகம் 10. 232ஐயும் 100ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 166, அதாவது கன்னி 16இல் கூட்டுச் சூரியன். இதே போலப் போட்டால் குரு மகரம் 17இல், சனி விருச்சிகம் 16இல் விழுகிறார்கள். சூரியனுக்குக் குரு திரிகோணம், சூரியனுக்குச் சனி 60 பாகை, குருவுக்கும் சனிக்கும் இடையே 60 பாகை. எந்தப் பலன் நூலைத் திறந்தாலும் இதற்கு நல்ல வார்த்தைதான் இருக்கும். செழிப்பான, உறுதியான, பொறுப்புள்ள, காலம் தாங்கும் உறவு என்று.

அதே சக்கரத்தில் செவ்வாயும் நெப்டியூனும் துலாம் 26இல் ஒட்டி நிற்கிறார்கள், யுரேனஸ் கடகம் 26இலிருந்து 90 பாகையில் பார்க்கிறது. மறைவான செயல்கள், தெளிவின்மை, திடீர் வெடிப்பு என்பது இதற்கான பலன். 1981 ஜூலை 29 அன்று கல்யாணம், 1992இல் பிரிவு, 1996 ஆகஸ்ட் 28 அன்று விவாகரத்து. முடிவு தெரிந்த பிறகு எல்லோருடைய கையும் செவ்வாய், நெப்டியூன் மீதுதான் போகிறது. 1981இல் முடிவு தெரியாமல் இதே சக்கரத்தைப் பார்ப்பவர் சூரியன், குரு, சனி மூன்றையும் பார்த்து வாழ்த்தியிருந்தால் அவர் முறை தவறிப் படித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டும் அங்கே இருக்கின்றன. எது மேலோங்கும் என்பதைச் சக்கரம் சொல்வதில்லை.

உங்கள் சந்திரனுக்கு நடந்தது அவர்களுடைய பத்தாம் பாவ முனைக்கும் நடந்திருக்கிறது. சார்லஸுக்கு அது மேஷம் 13, டயானாவுக்குத் துலாம் 23. ஏறக்குறைய எதிரெதிர். குறைந்த தூரத்து நடுப்புள்ளி மகரம் 18இல் விழுகிறது, குரு நிற்கும் இடத்திலேயே. ஊரறிந்த, கோலாகலமான திருமணம் என்று அதற்குப் பலன் சொல்லலாம். ஆனால் இருவரின் லக்னங்களுக்கும் நடுப்புள்ளி துலாம் 12. துலா லக்னத்துக்குப் பத்தாமிடம் கடகப் பக்கம்தானே வரவேண்டும்? லக்னத்தை வைத்துப் பார்த்தால் அதே குரு நான்காமிடத்தில், வீட்டின் அந்தரங்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பத்தாம் முனையை முதலில் எடுத்து அதிலிருந்து லக்னம் கணிக்கும் ஒரு பிரிவும், லக்னங்களையே நேராகப் பாதியாக்கும் இன்னொரு பிரிவும் உண்டு. இரண்டிலும் வீடுகள் வேறு வேறு. அதனால்தான் கூட்டு ஜாதகத்தில் வீட்டுப் பலனை நான் கடைசியாகத்தான் தொடுவேன். நேரம் சந்தேகமாக இருந்தால் தொடவே மாட்டேன்.

இந்தச் சக்கரத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. இது எந்த நாளிலும் வானத்தில் இருந்த நிலை அல்ல. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. ஆனால் கூட்டு ஜாதகத்தில் புதன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். வானத்தில் நடக்கவே முடியாத ஒன்று. அப்போதும் காரணம் இந்த நடுப்புள்ளித் தாவல்தான்.

இந்தக் குறையைத் தவிர்க்க பிரிட்டிஷ் ஜோதிடர் ரொனால்ட் டேவிசன் இன்னொரு வழி சொன்னார். கிரகங்களைப் பாதியாக்காமல் நேரத்தையும் இடத்தையும் பாதியாக்கினார். உங்கள் பிறந்த நேரத்துக்கும் அவர் பிறந்த நேரத்துக்கும் நட்ட நடுவில் ஒரு தேதி, இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓர் இடம். அந்தத் தேதியில் அந்த இடத்தில் உண்மையாகவே இருந்த வானத்துக்கு ஜாதகம். உங்களுக்கு அது 1993 ஜூலையில் வரும். உங்கள் பிறந்த நேரத்தில் அரை மணி தவறு என்றால் நடு நேரம் கால் மணிதான் நகரும், சந்திரன் 7, 8 கலை மாறும். ஆறு ராசி தாவல் என்பதே அங்கே கிடையாது. பல இணையதளங்களில் காம்போசிட் பக்கத்திலேயே 'டேவிசன்' என்று இதுவும் இருக்கும். லக்னத்தை விட்டுவிட்டு, சந்திரனுக்கும் சனிக்கும் இடையே என்ன தூரம் என்று மட்டும் பாருங்கள். சேர்க்கை, 90 அல்லது 180, இவற்றில் ஒன்றுக்கு நான்கைந்து பாகைக்குள் இருந்தால் இரண்டு முறைகளும் ஒரே விஷயத்தைச் சொல்வதாக இந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்தச் சேர்க்கையை அதோடு மறந்துவிடலாம். இரண்டு முறையுமே நம்பிக்கையின் மேல் நிற்பவை, அளந்து நிரூபிக்கப்பட்டவை அல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜோதிட முறைப்படி இன்னொரு சோதனையும் இருக்கிறது. கூட்டு ஜாதகப் புள்ளிகள் மீது கோச்சாரக் கிரகம், அதாவது அந்தந்தக் காலத்தில் வானில் நகரும் கிரகம், கடக்கும்போது உறவில் அந்த விஷயம் அழுத்தம் பெறும் என்பார்கள். உங்கள் சந்திரன், சனி அச்சு மகரக் கடைசி, கும்பத் தொடக்கம். திருக்கணிதப்படி சனி 2022 ஏப்ரல் இறுதியில் கும்பத்தில் நுழைந்து, வக்கிரமாகி ஜூலையில் மகரத்துக்குத் திரும்பி, 2023 ஜனவரியில் மீண்டும் கும்பம் வந்தார். அதாவது அந்த அச்சை மூன்று முறை கடந்தார். மாமனார் படுத்த ஆண்டும் அதுதான். பொருந்துகிறதே என்று உங்களுக்குத் தோன்றும். பலர் இதைப் பார்த்ததும் ஜாதகம் நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனென்றால் நடந்ததை முதலில் தெரிந்துகொண்டு பிறகுதான் கிரகத்தைத் தேடினோம். இந்தப் பொருத்தத்தை ஏற்றுக்கொண்டால்கூட அதன்படி சனி அந்த இடத்தைக் கடந்து போய்விட்டார். உங்கள் உறவின் நிரந்தரக் குணம் என்று தளம் சொன்னதற்கு இது எதிராகத்தான் நிற்கிறது.

உங்கள் கேள்விகளுக்கு நேராகச் சொல்கிறேன். தோஷம் இல்லை, பரிகாரம் தேவையில்லை. கல்யாணம் நிலைக்குமா என்று கூட்டு ஜாதகத்தைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாது. நானும் சொல்லமாட்டேன். கணவரிடம் இந்தத் தளத்தின் பலனைக் காட்டுவதானால் "நம்ம உறவுக்கு இப்படி வந்திருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். அது அவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். 2022க்கு முன் நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுவீர்கள், அதில் எது இப்போது நின்றுபோயிருக்கிறது என்று கேளுங்கள். ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, மாமனாரை வேறொருவர் கவனித்துக்கொள்ளக்கூடிய ஒரு மாலையை வாரத்தில் ஒதுக்க முடியுமா என்றும் கேளுங்கள். நாத்தனாரோ கொழுந்தனாரோ இருந்தால் அந்த மாலையை அவர்களிடம் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

பிறந்த நேரத்தைப் பொறுத்தவரை, பிறந்த ஆஸ்பத்திரியில் பழைய பிரசவப் பதிவேடு இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டு அலமாரியில் எங்காவது இருந்தால் அதில் நேரம் எழுதியிருக்கலாம். கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், டேவிசன் சக்கரத்தை நானே போட்டு, சந்திரன் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.